24 பீஸுக்குக் கீழே ஏன் தருவதில்லை?

திருப்பூரில் டி-ஷர்ட் தைக்கும் சிறு யூனிட் ஒன்றின் வாட்ஸ்அப் எண்ணுக்கு வரும் விசாரணைகளில் பெரும்பாலானவை ஒரே வரிதான்: “ரேட் என்னங்க?” வரி ஒன்றாக இருந்தாலும் கேட்கிறவர்கள் வேறு வேறு. ஒருவர் தனக்கு ஒரே ஒரு சட்டை வேண்டும் என்று கேட்கும் கல்லூரி மாணவர். இன்னொருவர் மதுரையில் இருக்கும் பெண். உறவினர் குழு, குடியிருப்புக் குழு என்று நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டு, ஆர்டர் வந்ததும் வாங்கி விற்கும் ரீசெல்லர். மூன்றாமவர் பாலக்காட்டில் ரெடிமேட் கடை வைத்திருப்பவர். மூவருக்கும் சொல்ல வேண்டிய பதில் வேறு. ஆனால் நாள் முழுக்க கட்டிங் மேசைக்கும் தையல் வரிசைக்கும் நடுவே ஓடும் யூனிட்காரர், மூவருக்கும் ஒரே படத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்தப் படத்தில் சட்டையும், அதன் மேலே கொட்டை எழுத்தில் விலையும், கீழே அவருடைய போன் நம்பரும் இருக்கும்.

ரீசெல்லருக்கு அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை. அவர் செய்யும் வியாபாரமே, வந்த படத்தைத் தன் குழுவுக்கு அனுப்பி, தன் லாபத்தைச் சேர்த்து ஒரு விலை சொல்வதுதான். மொத்த விலையும் உற்பத்தியாளரின் நம்பரும் அச்சாகியிருக்கும் படத்தை அவர் யாருக்கு அனுப்ப முடியும்? ஆகவே முதல் ஏற்பாடு இது: படம் தனி, விலை தனி. படத்தில் டிசைன் நம்பர் மட்டும் இருக்கட்டும். அது கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு முறை வெளியே போன படம் மாதக்கணக்கில் சுற்றும். தீபாவளிக்கு அனுப்பிய படத்தைக் காட்டி யாரோ பொங்கலுக்கு “இது இருக்கா?” என்று கேட்பார். நம்பர் இருந்தால் ஒரே பார்வையில் பதில் சொல்லிவிடலாம். விலையை எழுத்தாக, தேதியோடு, தனிச் செய்தியாக அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உள்ள கேட்டலாக் யார் பார்வைக்கும் படும் கடை ஜன்னல் என்பதால் மொத்த விலையை அங்கே போடக்கூடாது. விலைக் கட்டத்தைக் காலியாக விட அதில் வசதி இருக்கிறது.

விலை கேட்டவுடன் சொல்வதா, விசாரித்துவிட்டுச் சொல்வதா என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கு. “எந்த ஊருங்க, கடையா, எத்தனை பீஸ் எடுப்பீங்க?” என்று கேள்வியாக அடுக்கினால், கேட்டவர் அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவார், அவர் அதே நேரத்தில் இன்னும் நாலு பேரிடம் கேட்டிருப்பார். முழுப் பட்டியலையும் எடுத்த எடுப்பில் கொட்டினால், ஒரு சட்டை கேட்ட மாணவரிடமும் மொத்த விலை போய்ச் சேரும். என் கட்சி நடுவழி. குறைந்தபட்ச அளவையும் அந்த அளவுக்கான விலையையும் முதல் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். அதோடு ஒரே ஒரு கேள்வி. இப்படி:

“வணக்கங்க. ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம் காட்டன். மொத்த விலை 24 பீஸிலிருந்து, பீஸ் ₹155. ஜிஎஸ்டி 5%, பார்சல் தனி. 24-க்குக் கீழே மொத்த விலை இல்லைங்க, சாம்பிள் உண்டு. எந்த ஊருக்கு, சுமாரா எத்தனை பீஸ் வேணும்னு சொன்னா முழு லிஸ்ட் அனுப்பறேன்.”

இதைப் படித்ததும் மாணவர் தானாக விலகிக்கொள்வார், அல்லது ஒரு பீஸ் விலை என்ன என்று கேட்பார். பாலக்காட்டுக் கடைக்காரர் அளவோடு வருவார். மதுரைப் பெண்மணிதான் தயங்குவார்: “அண்ணா, முதல்ல ஒரு ஆறு பீஸ் அதே ரேட்டுக்குக் குடுங்க. நல்லாப் போச்சுன்னா நூறா எடுத்துக்கறேன்.” மொத்த விலைப் பட்டியலின் முழுக் கணக்கும் இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்வதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு, அவரவர் யூனிட்டின் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளலாம். துணி, சாயம், கட்டிங், தையல், இஸ்திரி, பாலிதீன் கவர் எல்லாம் சேர்த்து ஒரு டி-ஷர்ட்டின் அடக்கம் 128 ரூபாய். இது பீஸுக்குப் பீஸ் ஆகும் செலவு. இன்னொரு செலவு ஆர்டருக்கு ஆர்டர் ஆவது. செய்திகளுக்குப் பதில் சொல்வது, ரேக்கில் சைஸ் பார்த்து எடுப்பது, கறை கிழிசல் சரிபார்ப்பது, பில் போடுவது, மூட்டை கட்டி பார்சல் ஆபீஸுக்குக் கொண்டுபோவது. ஆறு பீஸானாலும் அறுபது பீஸானாலும் இதற்குப் பிடிக்கும் நேரம் பெரிதாக மாறாது. ஆள் கூலி, சாக்கு, ஆட்டோ என்று ஓர் ஆர்டருக்கு 240 ரூபாய் வைத்துக்கொள்வோம்.

155 ரூபாய் விலையில் ஒரு பீஸுக்கு மிஞ்சுவது 27 ரூபாய். ஆறு பீஸ் கொடுத்தால் 162 ரூபாய் மிஞ்சும். ஆர்டர் செலவு 240. ஆக 78 ரூபாய் நஷ்டம். ஒன்பது பீஸில்தான் கைக்காசு போகாமல் தப்பிக்கலாம். 12 பீஸில் 84 ரூபாய் நிற்கும். அப்படியானால் 12-ஐயே குறைந்தபட்சமாக வைக்கலாமே என்று தோன்றும். அந்த 12-இல் ஒரு சட்டையில் ஊசி ஓட்டை என்று படம் வந்து, மாற்றிக் கொடுக்க நேர்ந்தால் 128 ரூபாய் சட்டையும் கூரியர் செலவும் போகும். 84 ரூபாய் அதைத் தாங்காது. 24 பீஸில் 408 ரூபாய் நிற்கும். ஒரு பீஸ் மாற்றிக் கொடுத்தாலும் ஆர்டர் லாபத்தில் முடியும். குறைந்தபட்ச அளவை முடிவு செய்ய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: ஒரு பீஸ் கெட்டுப்போனாலும் கையைக் கடிக்காத அளவு எதுவோ அதுதான் கீழ் எல்லை. பக்கத்து யூனிட்டில் 50 வைத்திருக்கிறார்கள் என்பதற்காக நாமும் 50 வைக்க வேண்டியதில்லை.

24 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணம் கட்டிங் மேசையில் இருக்கிறது. துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டும்போது ஒரு சைஸை மட்டும் வெட்டுவதில்லை. எம் ஒன்று, எல் இரண்டு, எக்ஸ்எல் இரண்டு, டபுள் எக்ஸ்எல் ஒன்று என்ற விகிதத்தில் ஒன்றாக வெட்டி எடுக்கிறார்கள். ஆகவே ஒரு கலருக்கு ஆறு பீஸ் ஒரு செட். நாலு கலர் என்றால் 24. வாங்குகிறவரை அவர் இஷ்டத்துக்குப் பொறுக்க விட்டால் கறுப்பிலும் நேவி நீலத்திலும் எல், எக்ஸ்எல் மட்டும் போய்விடும். மஞ்சள் கலர் எம் சைஸ் ரேக்கிலேயே தங்கும். உடைந்த செட்டுகள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் ஸ்டாக் லாட் வாங்குகிறவரிடம் அடக்கத்துக்கும் கீழே தள்ள வேண்டி வரும். அந்த நஷ்டத்தை யூனிட்காரர் பட்டியல் போடும்போது கணக்கில் எடுப்பதே இல்லை. வருஷக் கடைசியில் கோடவுனைக் கூட்டும்போதுதான் கண்ணில் படுகிறது.

இதனால் பட்டியலில் “குறைந்தபட்சம் 24 பீஸ்” என்று மட்டும் எழுதினால் போதாது. 24 பீஸும் ஒரே டிசைனா, கலந்து எடுக்கலாமா, சைஸ் பொறுக்கலாமா என்று உடனே மூன்று கேள்விகள் வரும். “ஒரு செட் என்பது ஒரு கலரில் எம்-1, எல்-2, எக்ஸ்எல்-2, டபுள் எக்ஸ்எல்-1, ஆக 6 பீஸ். குறைந்தபட்சம் 4 செட். எந்த டிசைனிலும் எந்த கலரிலும் செட் கலந்து எடுக்கலாம். செட்டை உடைக்க முடியாது” என்று எழுதிவிட்டால் மூன்றுக்கும் பதிலாகிவிடும். டிசைன் கலக்க விடுவது ரீசெல்லருக்குப் பெரிய உதவி. குழுவில் புதுப்புதுப் படம் போடுவதுதான் அவர் பிழைப்பு. ஒரே டிசைனில் 24 வாங்கி அவர் என்ன செய்வார்?

இனி படிக்கட்டு விலை. அதிகம் எடுத்தால் குறைத்துத் தருவது வழக்கம். 24 முதல் 54 வரை ₹155, 60 முதல் 114 வரை ₹147, 120-க்கு மேல் ₹142 என்று ஒரு யூனிட் பட்டியல் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. 54 பீஸ் எடுக்கிறவர் 155 வீதம் 8,370 ரூபாய் கொடுப்பார். செலவு போக யூனிட்டுக்கு 1,218 ரூபாய் நிற்கும். அவரே இன்னும் ஒரு செட் சேர்த்து 60 எடுத்தால் 147 வீதம் 8,820 ரூபாய். அதாவது கூடுதலாக 450 ரூபாய் கொடுத்து ஆறு சட்டை வாங்குகிறார். பீஸ் 75 ரூபாய்! அடக்கம் 128. யூனிட்டின் லாபம் 900 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. அதிகம் விற்று, அதிகம் மூட்டை கட்டி, 318 ரூபாய் குறைவாகச் சம்பாதித்தார்கள். விவரமான ரீசெல்லர்கள் இதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள், ஆர்டர்கள் எல்லாம் சரியாக அறுபதில் வந்து நிற்கும். பட்டியலில் படி தப்பாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பெரிய ஆர்டரில் யூனிட்டுக்கு உண்மையில் எவ்வளவு மிச்சமாகிறது? ஆர்டர் செலவான 240 ரூபாயை 24-ஆல் வகுத்தால் பீஸுக்கு 10 ரூபாய். 60-ஆல் வகுத்தால் 4. 120-ஆல் வகுத்தால் 2. ஆக, 24-லிருந்து 60-க்குப் போகும்போது மிச்சம் 6 ரூபாய்; அதற்கு 8 ரூபாய் தள்ளுபடி கொடுத்தது முதல் கோளாறு. 60-லிருந்து 120-க்குப் போகும்போது மிச்சம் வெறும் 2 ரூபாய். அதற்கு 5 ரூபாய் கொடுத்தது அதைவிடப் பெரிய கோளாறு. கையில் இருக்கும் ஸ்டாக்கை எடுத்துக் கொடுக்கும்வரை அளவு கூடக் கூட மிச்சம் சுருங்கிக்கொண்டே போகும். படிகளை 155, 151, 148 என்று வைத்தால் 60 பீஸில் 1,140 ரூபாயும் 120 பீஸில் 2,160 ரூபாயும் நிற்கும். 54-லிருந்து 60-க்குத் தாண்டும் இடத்தில் ஒரு சிறு சறுக்கல் அப்போதும் இருக்கும், ஆனால் அது 78 ரூபாய்தான். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஐநூறு, ஆயிரம் பீஸ் கேட்பவருக்கு இந்தப் பட்டியலை நீட்டி எழுதக் கூடாது. அது புதிதாகத் துணி வாங்கி, சாயம் போட்டு, தைத்துத் தர வேண்டிய வேலை. அந்த விலை அன்றைய நூல் விலையைப் பொறுத்தது. பட்டியலில் அந்த இடத்தில் “தனி விலை, பேசிக்கொள்ளலாம்” என்று மட்டும் இருந்தால் போதும்.

விலைப் பட்டியலை வைத்து வரும் சண்டைகளில் அதிகமானவை விலையைப் பற்றியவை அல்ல. அந்த விலைக்குள் எது அடக்கம் என்பதைப் பற்றியவை. ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், பீஸ் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5%, அதற்கு மேல் 18%. அதற்கு முன்பு எல்லை 1,000 ரூபாயாக இருந்தது. நம் டி-ஷர்ட் இரண்டு கணக்கிலும் 5%-தான். 155-க்கு 7 ரூபாய் 75 காசு. சிறிய தொகைதான், ஆனால் 24 பீஸுக்கு 186 ரூபாய். ரீசெல்லர் 3,720 அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். பில் 3,906 என்று வரும். “முதல்லயே சொல்லலையே” என்பார். வரி உள்ளிட்டதா, தனியா என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் இது தீர்ந்தது. ஜிஎஸ்டி எண் உள்ள பாலக்காட்டுக் கடைக்காரர் அந்த வரியைக் கழித்துக்கொள்வார். மதுரைப் பெண்மணியால் முடியாது, அது அவருக்கு அடக்கத்தில் சேரும். ஒரே பட்டியல், ஆனால் இருவருக்கும் வேறு வேறு விலை. இதை உணர்ந்துதான் அவரிடம் பேச வேண்டும்.

பாலக்காட்டைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். பதிவு செய்யாத சிறு யூனிட், தமிழ்நாட்டுக்குள் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி இல்லாமல் நடத்தலாம். ஆனால் இப்படித் தைத்த சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், ஒரே ஒரு மூட்டையானாலும் பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர்கள் “தமிழ்நாட்டுக்குள் மட்டும்” என்று பட்டியலிலேயே போட்டுவிடுவது நல்லது. பெரிய ஆர்டராக இருந்தால் இ-வே பில்லும் வேண்டும்: வேறு மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல்.

பார்சல் கூலியும் இப்படித்தான். 24 டி-ஷர்ட் மூட்டை ஏறக்குறைய 5 கிலோ வரும். லாரி பார்சலில் கூலி குறைவு. ஆனால் அந்த ஊர் கோடவுனுக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். கூரியரில் வீட்டுக்கே வரும், கிலோ கணக்கில் காசு. கூலியை மூட்டை எடுக்கும்போது அவர் கொடுப்பதா, முன்பே நாம் கட்டிவிடுவதா என்பதும் எழுதப்பட வேண்டும். கூரியருக்கு 250 ரூபாய் என்று வைத்தால் பீஸுக்கு 10 ரூபாய் சொச்சம். ஆக மதுரைப் பெண்மணியின் கைக்கு ஒரு சட்டை சேரும்போது 173 ரூபாய். அவர் அதை 249-க்கு விற்றால் 76 ரூபாய் லாபம். ஆனால் குழுவில் எல்லோரும் “ஷிப்பிங் ஃப்ரீயா?” என்று கேட்பார்கள், தலைக்கு 60 ரூபாய் கூரியர் கட்டினால் மிஞ்சுவது 16 ரூபாய். அவர் ஏன் ஐந்து ரூபாய்க்கு அப்படி மல்லுக்கட்டுகிறார் என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரியும். இதே டி-ஷர்ட்டை அந்த யூனிட் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒற்றை பீஸ் 199 என்று போட்டால் அவர் கதை முடிந்தது. ரீசெல்லர்களுக்கு மொத்த விலை தருகிறவர்கள், பொதுமக்களுக்குச் சொல்லும் ஒற்றை விலையை அவர்களுடைய விற்பனை விலைக்குக் கீழே இறக்கக் கூடாது. மாணவர் கேட்டால் 249 என்றே சொல்ல வேண்டும். இதைப் பட்டியலின் கீழே ஒரு வரியாகவே எழுதி வைக்கும் யூனிட்டுகள் உண்டு. ரீசெல்லர்கள் அதை மதிக்கிறார்கள்.

ஆறு பீஸ் கேட்டவருக்கான பதில் சாம்பிள். “சாம்பிள் 3 பீஸ் வரை, பீஸ் ₹190, கூரியர் தனி. முதல் மொத்த ஆர்டரில் பீஸுக்கு ₹35 கழித்துத் தரப்படும்.” துணியைத் தொட்டுப் பார்க்காமல் நாலாயிரம் ரூபாய் அனுப்ப யாருக்கும் பயம் இருக்கும், அந்தப் பயம் நியாயமானது. இந்த ஏற்பாட்டில் அவருக்கும் நஷ்டமில்லை. மொத்த விலையில் ஆறு ஆறாக எடுத்துக்கொண்டே போகும் வழியும் அடைபடும்.

பணம் பற்றிய வரி சுருக்கமாக இருக்கலாம். கையிருப்புச் சரக்குக்கு முழுப் பணம் வந்த பிறகே மூட்டை கிளம்பும். புதிதாகத் தைத்துத் தருவதற்குப் பாதி முன்பணம். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி மூட்டையைக் கிளப்பக் கூடாது. அதைப் போலியாகத் தயாரிப்பது சுலபம். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பார்சல் ஆபீஸ்.

பட்டியலுக்குத் தேதி வேண்டும் என்று மேலே சொன்னேன். எதுவரை செல்லும் என்றும் வேண்டும். நூற்பாலைகள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில் நூல் விலையை அறிவிக்கின்றன. அது கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் சட்டையின் அடக்கமும் ஏறும். “இந்த விலை இந்த மாதம் 30 வரை, இருப்பு உள்ளவரை” என்று இருந்தால், பழைய பட்டியலைக் காட்டிக் கேட்பவரிடம் வாதாட வேண்டியதில்லை. சாயத்தைப் பற்றியும் ஒரு வரி தேவை. இந்த மாதம் சாயம் போட்ட மெரூனும் அடுத்த மாதம் போடும் மெரூனும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் வேறுபடும். மறு ஆர்டர் கொடுப்பவர் இதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பாமலிருக்க, “லாட்டுக்கு லாட் கலர் லேசாக மாறலாம்” என்று முன்பே சொல்லிவிட வேண்டும். திருப்பி எடுப்பது தையல் கோளாறு, கிழிசல், சைஸ் மாறியது ஆகியவற்றுக்கு மட்டும். மூட்டையைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவோடு இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது இப்போது பரவலாகிவிட்ட வழக்கம்.

இவ்வளவையும் ஒரே செய்தியில் போட்டால் யார் படிப்பார்கள்? யாரும் படிக்க மாட்டார்கள். முதல் செய்தி மேலே காட்டியபடி ஐந்தாறு வரி. இரண்டாவது செய்தியில் செட், படிக்கட்டு விலை, வரி, பார்சல். பணம், திருப்பி எடுத்தல், லாட் கலர் பற்றியவை மூன்றாவதாக, ஆர்டர் உறுதியாகும் தருணத்தில். வாட்ஸ்அப் பிசினஸில் இவற்றைக் குறுக்குப் பதில்களாகச் சேமித்து வைத்துக்கொண்டால், சாய்வுக் கோட்டோடு நாம் வைத்த பெயரைத் தட்டியதும் முழுச் செய்தியும் வந்து நிற்கும். கட்டிங் மேசையில் நின்றபடியே அனுப்பிவிடலாம். வீட்டில் வேறு யார் போனை எடுத்தாலும் அதே விலையைச் சொல்வார்கள். பட்டியல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அது போன பிறகு வரும் முதல் கேள்வியைக் கவனித்தால் போதும். “பார்சல் எவ்வளவு?” என்றே பலரும் கேட்டால் அந்த வரி சரியில்லை. “கலந்து எடுக்கலாமா?” என்று வந்தால் செட் பற்றிய வரி புரியவில்லை.

மிச்சமிருப்பவர் நாலு செட் எடுக்க முடியாத, ஆனால் ஒரு செட் வேண்டும் என்று கேட்கும் புதியவர். அவர் மதுரைக்காரர் என்றால், அங்கே ஏற்கெனவே 60, 60-ஆக எடுக்கும் நம் ரீசெல்லரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் அவருடைய நம்பரைக் கொடுத்துவிடலாம். “அக்கா, உங்க ஊர்ல நம்ம சரக்கு அவங்ககிட்ட இருக்குங்க, ஒரு செட்னாலும் கொடுப்பாங்க” என்று சொன்னால் போதும். 151-க்கு வாங்கியதை அவர் 170-க்குக் கொடுப்பார். யூனிட்காரருக்கு மூட்டை கட்டும் வேலை மிச்சம். அந்த ஒரு செட் அடுத்த மாதம் 60-க்கு வரும் ஆர்டரில் சேர்ந்து 66 ஆகியிருக்கும்.